சிறுகதை: "முப்பது" – மைலும் கிலோமீற்றரும் குழம்பும் இடத்தில் கணக்குச் சரியா?

கனகராயன் எழுதியது:

வாசகர்களுக்கு வணக்கம். கனகராயன்குளத்தில் இருந்துகொண்டு, நான் ஒருபோதும் காணாத ஸ்கொட்லாந்தைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறேன். அங்கே மகளிடம் போய்வந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன சிறு சம்பவமே இதன் விதை. நடையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கதைக்குள் இருக்கும் கணக்குச் சரியா என்று சொல்லுங்கள்.

*முப்பது*

மாமனாருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மருமகன் முந்தின இரவே காருக்குள் ஏறியிருந்து, திரையில் தெரியும் எண்கள் எல்லாவற்றையும் கிலோமீற்றருக்கு மாற்றிவைத்திருந்தான். முப்பத்தைந்து வருடங்கள் மாங்குளத்திற்கும் முல்லைத்தீவுக்கும் இடையே லொறி ஓட்டிய சிவலிங்கத்தாருக்கு அந்த எழுத்தைக் கண்டதும் கார் பழகிய கார் போலாகிவிட்டது. வீதியின் இடப்பக்கமாக ஓட்டும் நாடு, வலப்பக்கத்தில் ஸ்டியரிங். வீதியின் பெயரைக் கேட்டபோது அவர் சிரித்தேவிட்டார். ஏ9. பேர்த்தில் இரவு வேலை முடித்த மகளை ஏற்றிக்கொண்டு, அதே ஏ9 இல் வடக்கே இன்வர்னெஸ்ஸிற்குப் போகவேண்டும். மகள் பக்கத்து இருக்கையில் உறங்கிவிட்டாள்.

அவிமோர் தாண்டியதும் பச்சைப் பலகை ஒன்று வந்தது. இன்வர்னெஸ் 30. அவர் திரையைப் பார்த்தார். மிச்சமிருக்கும் பெற்றோலுக்கு இன்னும் 46 கிலோமீற்றர் ஓடலாம் என்று அது காட்டியது. முப்பதைப் போக்கினாலும் பதினாறு கையிலிருக்கும், மகளை எழுப்பிப் பெற்றோல் நிலையம் எங்கே என்று கேட்கத் தேவையில்லை.

கொஞ்சத் தூரத்தில் வீதி வேலை நடந்துகொண்டிருந்தது. சிவப்பு வட்டத்திற்குள் 50. ஊர்ப் பொலிசாருக்கு ஒருநாளும் தண்டப்பணம் கட்டாத மனிதர், வேகத்தைச் சரியாக ஐம்பதுக்குக் குறைத்தார். பின்னால் வந்த பெரிய லொறி வெளிச்சம் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. எவருக்கும் சட்டத்தில் பயமில்லையா என்று முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. மகள் எழும்புமுன் இந்த வரிசை கலையவேண்டும் என்ற அவசரத்தில் அறுபது, எழுபது, கடைசியில் எண்பது வரை ஏற்றினார். மஞ்சள் நிறக் கமரா ஒன்று மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அதன்பின் ஏற்றம். ஸ்லொக்ட் மேட்டில் ஏறும்போது திரையின் எண் வேகமாகக் குறைந்தது. மேட்டைத் தாண்டி வெகுதூரம் வந்தபின்னும் இன்வர்னெஸ் வரவில்லை. நகரின் விளக்குகள் தூரத்தில் தெரியத் தொடங்கிய இடத்தில் கார் இருமிவிட்டு நின்றது. மகள் கண்விழித்து, "அப்பா, எங்கே நிற்கிறோம்?" என்று கேட்டாள்.

ஒன்பதாவது நாள் மருமகனின் பெயருக்குப் பொலிசிடமிருந்து கடிதம் வந்தது. ஐம்பது இருந்த இடத்தில் எண்பது.

---

முறிகண்டியான் எழுதியது:

கதை நன்று. ஆனால் ஏ9 இல் எந்த இடத்தில் அந்த 30 என்ற பலகை நிற்கிறது என்று விளங்கவில்லை. நான் கிழமைக்கு மூன்று தடவை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ஓடுகிறேன். ஊர்மனைக்குள் 50, வெளியே காருக்கு 70, முச்சக்கரவண்டிக்கு 40, எல்லாம் கிலோமீற்றரில்தான். புளியங்குளத்தில் மேடு எங்கே இருக்கிறது? பெற்றோல் முடிந்தால் மாங்குளத்தில் அடிக்கலாமே.

கனகராயன் எழுதியது:

அண்ணா, இது எங்கள் ஏ9 அல்ல, ஸ்கொட்லாந்தின் ஏ9. அங்கேயும் அதே பெயரில் வடக்கு நோக்கிப் போகும் ஒரு பெருவீதி இருக்கிறது. அந்தப் பெயர் ஒற்றுமைதான் என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது.

முறிகண்டியான் எழுதியது:

மன்னிக்கவும், இரண்டாம் பந்தியைத் தாவிவிட்டேன்.

ஓமந்தைச் சாரதி எழுதியது:

தம்பி, நான் ஸ்கொட்லாந்தின் அந்த ஏ9 வீதியில் பதினான்கு வருடங்களாகக் கனரக லொறி ஓட்டுகிறேன். உங்கள் கதையின் பாதி சரி. மற்றப் பாதி நடக்கவே முடியாது. நடக்க முடியாத பாதியை முதலில் சொல்கிறேன்.

அந்தக் கடிதம் வராது. பிரித்தானியாவின் வேகப் பலகையில் இருக்கும் எண் மணிக்கு எத்தனை மைல் என்பதைச் சொல்வது. பலகையில் மைல் என்றோ கிலோமீற்றர் என்றோ எந்த எழுத்தும் இருக்காது, வெறும் எண் மட்டுமே இருக்கும். 50 மைல் என்பது 80 கிலோமீற்றரும் அரையும். சிவலிங்கத்தார் தன் திரையில் 80 என்று கண்டபோது சட்டம் அனுமதித்த வேகத்தின் விளிம்பில், அதற்கு உட்பட்டே ஓடிக்கொண்டிருந்தார். அந்த வீதியில் இருப்பவை சராசரி வேகக் கமராக்கள், 2014 ஒக்ரோபரிலிருந்து டன்பிளேனுக்கும் இன்வர்னெஸ்ஸிற்கும் இடையே வேலை செய்கின்றன. ஒரு கமராவைக் கடந்த நேரத்தையும் அடுத்ததைக் கடந்த நேரத்தையும் வைத்து வேகத்தைக் கணிப்பவை அவை. ஆகவே அவர் முதலில் ஐம்பதில் ஊர்ந்த தூரமும் அந்தச் சராசரிக்குள் சேரும், வேகம் இன்னும் குறைவாகத்தான் பதிவாகும்.

அவர் செய்த உண்மையான பிழை வேறு. திரையில் 50 வரும்படி ஓடினார் அல்லவா, அது மணிக்கு 31 மைல். நாங்கள் லொறியில் 50 மைலில் வந்துகொண்டிருக்கையில் முன்னால் ஒருவர் 31 இல் போனால் நிச்சயம் வெளிச்சம் அடிப்போம். நான் அடித்திருக்கிறேன், அவர்களுள் எத்தனை பேர் சிவலிங்கத்தார்களோ தெரியாது. எனவே லொறி வெளிச்சம் அடிக்கும் வரி உங்கள் கதையில் மிகச் சரியானது.

கணக்கு மாஸ்டர் எழுதியது:

ஓமந்தைச் சாரதி சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மைல் கிலோமீற்றரை விடப் பெரியது. மைல் நாட்டுக்குப் போகும் எங்கள் ஆட்கள் குழம்பினால் வேகம் கூடத்தானே வேண்டும்? புலம்பெயர்ந்தவர்கள் தண்டப்பணம் கட்டிய கதைகளை எத்தனை கேட்டிருக்கிறோம்.

பெற்றோல் பகுதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மைலைக் கிலோமீற்றர் ஆக்க ஒன்றரையால் பெருக்கவேண்டும். 30 மைல் என்றால் 45 கிலோமீற்றர். திரையில் 46 இருக்கிறது. ஒரு கிலோமீற்றர் மிச்சத்துடன் அவர் இன்வர்னெஸ் போய்ச் சேர்ந்திருப்பார், கார் நிற்காது.

ஓமந்தைச் சாரதி எழுதியது:

மாஸ்டர், ஒன்றரை என்பது சந்தைக் கணக்கு, அவசரத்துக்கு உதவும். ஆனால் இந்தக் கதை முழுவதும் அந்த ஒன்றரைக்கும் உண்மைக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் நிற்கிறது. ஐந்து மைல் எட்டுக் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதில் ஆறு ஐந்து, ஆறெட்டு நாற்பத்தெட்டு. 46 காட்டும் காருக்கு இரண்டு கிலோமீற்றர் குறைகிறது. கனகராயன் தெரிந்து போட்டாரோ தெரியாமல் போட்டாரோ, 46 என்ற எண் அருமையான எண். பதினாறு மிச்சம் என்று நினைத்த மனிதருக்கு உண்மையில் இரண்டு பற்றாக்குறை.

வேகத்தின் திசையைப் பற்றி. மைல் பெரியது என்பது சரி, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு தலைகீழ். பலகை மைலில் பேசுகிறது, கார் கிலோமீற்றரில் பேசுகிறது என்றால், பலகையின் எண்ணைக் காரில் கொண்டுவருகிறவர் மெதுவாகத்தான் போவார். வேகம் கூடவேண்டுமானால் எதிர்ப்பக்கம் நடக்கவேண்டும், கார் மைலிலும் பலகை கிலோமீற்றரிலும் இருக்கவேண்டும். அயர்லாந்தில் அதைப் பார்க்கலாம். வட அயர்லாந்தின் நியூரியிலிருந்து தெற்கே டண்டோக்குக்குப் போகும்போது எல்லையில் தடுப்போ காவலோ கிடையாது, ஆனால் பலகையின் அளவு மாறிவிடும். தெற்கே 2005 ஜனவரி 20 ஆம் திகதியிலிருந்து வேக எல்லைகள் கிலோமீற்றரில் இருக்கின்றன. வடக்கிலிருந்து மைல் முள்ளுடன் போகும் ஒருவர் அங்கே 80 என்ற பலகையைக் கண்டு முள்ளை 80 இல் வைத்தால், அவர் ஓடுவது 129 கிலோமீற்றர். இதை அறிந்துதான் தெற்கில் எண்ணுக்குக் கீழே `km/h` என்று எழுதிவைத்தார்கள்.

கணக்கு மாஸ்டர் எழுதியது:

திசையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர்ந்து போனால் பெற்றோலும் மிச்சம்தானே. அவர் ஐம்பதிலேயே ஊர்ந்திருந்தால் அந்த இரண்டு கிலோமீற்றர் கிடைத்திருக்கலாம். இதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

ஓமந்தைச் சாரதி எழுதியது:

அது நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன்.

வற்றாப்பளை மகள் எழுதியது:

எனக்கு நடந்ததைச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். கனடாவில் வீதிப் பலகைகள் 1977 இல் கிலோமீற்றருக்கு மாறிவிட்டன, நான் கார் பழகியதும் கிலோமீற்றரில்தான். வந்த மூன்றாம் வருடம், சித்தியின் பிள்ளைகளுடன் பஃபலோ பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போனேன். எல்லை அதிகாரி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்ன பதற்றம் இன்னும் போகவில்லை. முதலில் கண்ட வேகப் பலகை 55. நல்ல பிள்ளையாக 55 இல் போனேன், அதாவது கனடாக் கணக்கில் 55. சுற்றியிருந்த வாகனங்கள் எல்லாம் 90 இல் பறந்தன. அமெரிக்கர்கள் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரு பிரசங்கமே வைத்தேன். பின் இருக்கையிலிருந்த பன்னிரண்டு வயதுப் பெடியன்தான், "அக்கா, வேகமானிக்குள்ளே சின்ன எழுத்தில் இன்னொரு வளையம் இருக்கிறது, அதைப் பாருங்கோ" என்றான்.

அதனால்தான் உங்கள் கதையில் அவருக்கு முதலில் கோபமும் பிறகு வெட்கமும் வருகிற இடம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் கடிதத்தை எடுத்துவிடுங்கள் அண்ணா. பிழையே செய்யாமல் குற்றவாளி ஆகிவிட்டேன் என்று நினைத்து ஒரு மனிதர் இருப்பது, கடிதம் வருவதைவிட வலிக்கும்.

பனங்கூடல் எழுதியது:

நான் வேறு பக்கமிருந்து கேட்கிறேன். சிவலிங்கத்தாருக்கு எத்தனை வயது? மருமகன் எடுத்திருக்கிறான், முப்பத்தைந்து வருடச் சேவை முடித்திருக்கிறார், ஆகவே அறுபத்தைந்துக்கு மேல். அப்படியானால் அவர் மைல் காலத்தில் பிறந்தவர். எங்கள் வன்னியில் தூரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்லாத கிழவர் உண்டா? கிளிநொச்சியில் 155 ஆம் கட்டை என்ற இடத்தை எல்லோருக்கும் தெரியும். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதியின் 155 ஆவது மைல் அது. கிலோமீற்றரில் சொன்னால் 249 சொச்சம் வரும், ஆனால் எவரும் அந்த இடத்தை அப்படிச் சொல்வதில்லை. மைல் கல் போய் எத்தனையோ காலமாகியும் இடத்தின் பெயர் மைலிலேயே நின்றுவிட்டது. அந்தக் கட்டைகளுக்கு நடுவே வளர்ந்த லொறிச் சாரதி ஒருவருக்கு மைல் என்ற எண்ணமே வரவில்லை என்றால் நம்பமுடியவில்லை.

முறிகண்டியான் எழுதியது:

இப்போது நான் பேசலாம் என்று நினைக்கிறேன். கட்டை என்று சொல்பவர்கள் எல்லோரும் மைலை நினைத்துச் சொல்வதில்லை. என் பெடியன் "இன்னும் மூன்று கட்டை இருக்கிறது" என்றால் அவன் கருதுவது கிலோமீற்றர்க் கல்லை. என் தகப்பனார் அதே சொல்லைச் சொன்னால் அது மைல். ஒரே வீட்டில், ஒரே சொல்லில், இரண்டு தூரம். ஒருமுறை தகப்பனார் நாலு கட்டை என்று சொன்ன தோட்டத்துக்கு நடந்துபோய் எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

பனங்கூடல் எழுதியது:

எங்கள் வீட்டுப் பக்கம் இளையவர்களும் மைலைத்தான் கட்டை என்கிறார்கள், கிலோமீற்றரைச் சொல்வதில்லை. ஆனால் உங்கள் அந்த நாலு கட்டைத் தோட்டம் கனகராயனின் கதைக்குள் போகவேண்டிய பொருள்.

ஓமந்தைச் சாரதி எழுதியது:

பனங்கூடலின் சந்தேகத்துக்கு என் அனுபவத்தில் பதில் இருக்கிறது. மைல் தெரியாததால் ஆட்கள் குழம்புவதில்லை. காரின் திரை கிலோமீற்றர் என்று சொல்லிவிட்டதால் நாடே கிலோமீற்றர் என்று மனம் முடிவெடுத்துவிடுகிறது. பலகையில் எழுத்து இல்லாததால் அந்த முடிவைத் திருத்த ஒன்றுமில்லை. மருமகன் திரையைத் தொடாமல் விட்டிருந்தால் எந்தக் குழப்பமும் வந்திராது. பிரித்தானியக் காரின் வேகமானி மைலில்தான் இருக்கும், பலகையும் மைல், 50 கண்டால் முள்ளை 50 இல் வைப்பார், மைலா கிலோமீற்றரா என்று அறியாமலே சரியாக ஓடிவிடுவார். அந்நிய நாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தப்பிவிடுகிறார்கள். உங்கள் கதையில் கெடுத்தது மருமகனின் அன்பு.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. எண்கள் முழுவதும் திரையில் தெரியும் புதிய கார் என்றால், அளவை மாற்றியதும் வேகம், ஓடிய தூரம், பெற்றோலுக்கு மிச்சமான தூரம் எல்லாம் சேர்ந்து மாறும். வேகமானி முள்ளும் அச்சடித்த வட்டமுமாக இருக்கும் பழைய காரில் அப்படியல்ல. மெனுவில் கிலோமீற்றர் என்று மாற்றினால் நடுவிலுள்ள சிறு திரையில் மிச்சத் தூரம் மட்டும் கிலோமீற்றராகும், வட்டத்தின் பெரிய எண்கள் மைலிலேயே இருக்கும். அந்தக் காரை அவர் ஓட்டினால் வேகத்தில் பிழையே வராது, லொறி வெளிச்சம் அடிக்காது, எல்லாம் சரியாகப் போகிறது என்ற நம்பிக்கையில் போய்ப் பெற்றோலில் மட்டும் விழுவார். எனக்கு அந்தக் கதைதான் பிடிக்கும். எந்த எச்சரிக்கையும் கிடைக்காத கதை அது.

வற்றாப்பளை மகள் எழுதியது:

அப்படிச் செய்தால் அவருடைய வெட்கம் போய்விடுமே. வரிசைக்கு முன்னால் ஒரு மனிதர் தனியாகச் சட்டத்தைக் காக்கும் காட்சியை நான் விடமாட்டேன்.

கணக்கு மாஸ்டர் எழுதியது:

எனக்கு இன்னொன்று தெரியவேண்டும். இரண்டு கிலோமீற்றர் குறைகிறது என்றால் கார் உண்மையில் நிற்குமா? எங்கள் வானில் பெற்றோல் முள் அடிமட்டத்தைத் தொட்டபின்னும் பரந்தனிலிருந்து விசுவமடு வரை ஓடியிருக்கிறேன்.

ஓமந்தைச் சாரதி எழுதியது:

அதை யாரும் உறுதியாகச் சொல்லமுடியாது. திரையில் காட்டும் 46 அளந்த அளவல்ல, அண்மையில் எவ்வளவு பெற்றோல் செலவானது என்பதை வைத்துக் கார் போடும் மதிப்பீடு. சமதரையில் வந்த கணக்கில் 46 என்று சொல்லிவிட்டு, ஏற்றம் வந்ததும் கார் தன் பேச்சை மாற்றும். ஸ்லொக்ட் மேடு 400 மீற்றர் உயரத்தைத் தாண்டுவது, ஏறும்போது எண் ஓடி இறங்கும் என்று நீங்கள் எழுதியது உண்மை. ஆனால் மேட்டுக்கு அப்பால் இன்வர்னெஸ் வரை பெரும்பாலும் இறக்கம், இழந்ததில் கொஞ்சத்தைக் கார் திரும்பிப் பெறும். திரை பூச்சியம் காட்டியபின்னும் தொட்டியில் சிறிது இருப்பதுண்டு, எவ்வளவு என்பது காருக்குக் கார் வேறு. மாஸ்டரின் வான் ஓடியிருக்கும், சிவலிங்கத்தாரின் கார் ஓடாமலும் இருந்திருக்கும். மேட்டின் உச்சியில் நிற்பதாக எழுதாமல் நகர விளக்குகள் தெரியும் இடத்தில் நிறுத்தியதை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாஸ்டர் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது.

கனகராயன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடிதம் போகிறது. எண்பதில் ஓடியவர் குற்றமற்றவர் என்பது எழுதிய எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. சிவலிங்கத்தாரைப் போலவே நானும் திரையை நம்பிவிட்டேன். ஓமந்தைச் சாரதி அண்ணாவிடம் ஒரு கேள்வி: அப்படி ஒரு கடிதம் உண்மையில் வருவதென்றால் எத்தனை நாளுக்குள் வரவேண்டும்?

ஓமந்தைச் சாரதி எழுதியது:

வேகத்துக்கான முதல் அறிவித்தல், கார் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு 14 நாட்களுக்குள் போகவேண்டும். மருமகனுக்குத்தான் வரும், மாமனாருக்கு வராது. ஓட்டியது யார் என்று மருமகன் எழுதிக்கொடுக்கவேண்டும். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: சுற்றுலா வந்தவர் எங்கள் நாட்டு அனுமதிப்பத்திரத்துடன் 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம், ஆனால் காப்புறுதியில் அவருடைய பெயரை மருமகன் சேர்த்திருக்கவேண்டும். அதற்கு ஒரு வரி போடுங்கள், இல்லாவிட்டால் என்னைப்போன்றவர்கள் கதையை விட்டுவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருப்போம்.

கனகராயன் எழுதியது:

புதிய முடிவை எழுதிப் பார்த்தேன், இங்கேயே இடுகிறேன்.

*கார் நின்றதைப் பற்றி வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எண்பதில் ஓடியதை அவர் எவருக்கும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து காலையில் முதலில் எழும்புகிறவர் அவர்தான். கதவின் துளையூடாகக் கடிதங்கள் விழும் சத்தம் கேட்டதும் மருமகனுக்கு முன்னே போய்ப் பொறுக்கினார். மின்கட்டணம், வங்கி, விளம்பரம். பதினைந்தாம் நாளும் பொறுக்கினார்.*

பனங்கூடல் எழுதியது:

பதினைந்தாம் நாள் என்ற சொல் நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் அவருக்கு அந்தப் பதினான்கு நாள் சட்டம் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. நாளைச் சொல்லாமல் விட்டால் என்ன?

வற்றாப்பளை மகள் எழுதியது:

நாள் இருக்கட்டும். மகளுக்கு அவர் எப்போதாவது சொல்வாரா?

முறிகண்டியான் எழுதியது:

சொல்லமாட்டார். என் தகப்பனாரும் அந்தத் தோட்டம் நாலு மைல் தூரம் என்று கடைசிவரை சொல்லவில்லை, நாலு கட்டை என்றுதான் சொன்னார்.